28 இஞ்ச் சக்கரம், 400 மீட்டர் மைதானம்: மூன்று வாரக் குறிப்பு

முதல் வாரம். வீட்டில் கிடந்த பழைய 28 இஞ்ச் சைக்கிளை வைத்துத் தூரம் அளக்க முடியுமா என்று பார்க்க ஆசை. கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். விட்டத்தை 3.1416-ஆல் பெருக்கினால் சக்கரம் ஒரு சுற்றில் ஓடும் தூரம். அதைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தத் தூரம். டயரில் 28 × 1½ என்று போட்டிருக்கிறது. 28 இஞ்ச் என்றால் 711.2 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 2.234 மீட்டர் வருகிறது.

சுற்றை எண்ணப் பழைய கால்குலேட்டர் ஒன்றைத் திறந்தேன். `=` பட்டனின் இரண்டு முனைகளிலும் ஒயரைப் பற்றவைத்து, அதைக் காந்தம் அருகில் வந்தால் தொடர்பு ஏற்படும் ரீட் ஸ்விட்சில் சேர்த்து முன் ஃபோர்க்கில் கட்டினேன். ஸ்போக்கில் ஒரு சின்னக் காந்தம். `0 + 1` அழுத்தி வைத்துவிட்டால், காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒன்று கூடுகிறது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் பத்துச் சுற்று சுற்றினேன், பதினான்கு காட்டியது. காந்தம் ஸ்விட்சை ஒட்டி ஓடியதால், ஒரே கடப்பில் சில சமயம் இரண்டு முறை தொடர்பு விழுந்திருக்கிறது. காந்தத்தைக் கொஞ்சம் விலக்கியதும் பத்துக்குப் பத்து வந்தது. எண்ணிக்கையை இப்படிச் சோதிக்காமல் ரோட்டுக்குப் போகக் கூடாது.

இரண்டாம் வாரம். டயரில் எழுதியிருப்பது பெயரளவுக்கான விட்டம்தான். தேய்மானம், காற்று, ஏறி உட்காருபவரின் எடை எதுவும் அதில் இல்லை. அதனால் சிமெண்ட் தரையில் நேரடியாக அளந்தேன். வால்வு நேர் கீழே வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, சைக்கிளை நேராகத் தள்ளி, பத்தாவது முறை வால்வு கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு. டேப்பில் 22.30 மீட்டர். பிறகு நான் ஏறி உட்கார்ந்துகொள்ள, தம்பி பின்னாலிருந்து தள்ளினான். இந்த முறை 22.12 மீட்டர்!

பத்துச் சுற்று எதற்கு என்றால், கோடு போடுவதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் பிசகும். ஆள் ஏறியதும் டயர் தரையில் நசுங்குகிறது, அச்சு தரையை நெருங்குகிறது, உருளும் தூரம் குறைகிறது. ஆக என் சக்கரத்துக்கு ஒரு சுற்று 2.212 மீட்டர். டயரில் எழுதியதை நம்பியிருந்தால் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் அதிகமாகக் காட்டியிருக்கும். நான்கு நாள் காற்றடிக்காமல் விட்டு மறுபடி அளந்தபோது 22.02 வந்தது. அன்றிலிருந்து அளக்கும் நாளில் காற்றடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

மூன்றாம் வாரம். கல்லூரி மைதானத்தின் ஓட்டப்பாதையில் சோதனை. 400 மீட்டருக்கு 180.8 சுற்று வர வேண்டும். முழுச் சுற்று போக மிச்சத்தை ஸ்போக்கால் எண்ணுகிறேன். முன் சக்கரத்தில் 32 ஸ்போக், ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர்.

முதல் முறை 183 சுற்று, 16 ஸ்போக். அதாவது 405.9 மீட்டர். இவ்வளவு பார்த்துப் பார்த்து அளந்த சக்கரம் ஏன் ஆறு மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்று புரியாமல் நின்றேன். ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன் சொன்னான்: "அண்ணே, உள் விளிம்பை விட்டு ரொம்பத் தள்ளி ஓட்டுறீங்களே."

அதுதான் விஷயம். முதல் பாதையின் 400 மீட்டர், உள் விளிம்புக் கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடும் ஒரு கற்பனைக் கோட்டின் நீளம். அதிலிருந்து ஒரு மீட்டர் வெளியே போனால் இரண்டு வளைவுகளும் சேர்ந்து 2 × 3.1416 × 1, அதாவது 6.28 மீட்டர் கூடும். எனக்குக் கூடியது 5.9. அப்படியானால் கோட்டுக்கு வெளியே சுமார் 94 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டியிருக்கிறேன். சக்கரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் வேறு பாதையில் போயிருக்கிறேன். சக்கரத்துக்குப் போட்ட அதே கணக்கு மைதானத்துக்கும் பொருந்தியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

மறுநாள் விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டரில் அங்கங்கே சாக்பீஸ் புள்ளி வைத்து அதன்மேல் ஓட்டினேன். 181 சுற்று, 2 ஸ்போக். 400.5 மீட்டர். மிச்சமுள்ள அரை மீட்டர் ஹேண்டில் ஆடியதால் வந்தது என்று நினைக்கிறேன். மெதுவாக ஓட்டினால் முன் சக்கரம் பாம்பு மாதிரி நெளியும், நெளிந்த தூரமும் கணக்கில் சேரும்.

சாலை ஓட்டப் பந்தயங்களின் பாதையையும் சைக்கிளை வைத்துத்தான் அளக்கிறார்கள். முன் சக்கரத்தில் அதன் சுழற்சியை எண்ணும் ஜோன்ஸ் கவுண்டர் என்ற கருவியை மாட்டி, டேப்பால் அளந்த ஒரு நேர்ப்பாதையில் அளவெடுப்புக்கு முன்னும் பின்னும் ஓட்டிச் சரிபார்ப்பார்கள். வெயில் ஏறினால் டயருக்குள் காற்றழுத்தம் கூடி, ஒரு சுற்றில் ஓடும் தூரமும் மாறுமே! பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் வைக்கிறார்கள்.

நானும் அடுத்து அதையே செய்யப் போகிறேன்: காலை ஆறு மணிக்கு ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, அதே சிமெண்ட் தரையில் அதே பத்துச் சுற்று.