கம்பெனி டெபாசிட்டில் பணம் போடும் முன் நாங்கள் பார்க்கும் வரிசை

வங்கி 7 சதவீதம் தரும்போது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி 9.5 சதவீதம் தருகிறேன் என்கிறது. படிவத்தைக் கையில் வாங்கியதும் நாங்கள் போடும் முதல் கணக்கு, அந்த இரண்டரை சதவீதத்துக்காக எவ்வளவு அசலைப் பணயம் வைக்கிறோம் என்பதுதான்.

5 லட்சம் ரூபாய், மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் வட்டி வருடத்துக்கு 12,500. மூன்று வருடத்துக்கு 37,500. கம்பெனி நொடித்து, அசலில் 23 சதவீதம் மட்டும் திரும்பி வந்தால் நஷ்டம் 3,85,000. முப்பது வருடம் சேர்க்கும் கூடுதல் வட்டியை அந்த ஒரே அடி கொண்டுபோய்விடும். வேறு மாதிரி சொன்னால், இப்படிப்பட்ட கம்பெனிகளில் பதினொன்றில் ஒன்று மூன்று வருடத்துக்குள் விழுந்தாலே கூடுதல் வட்டியால் எந்த லாபமும் இல்லை. இதில் வரியைச் சேர்க்கவில்லை. கூடுதல் வட்டிக்கும் வரி உண்டு என்பதால் கணக்கு இன்னும் பாதகமாகத்தான் போகும்.

23 சதவீதம் கற்பனை எண் அல்ல. திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் திவாலாகி, 2021-ல் வேறு குழுமத்தின் கைக்குப் போனபோது, பெரிய தொகை போட்டிருந்த டெபாசிட்தாரர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அடுத்து, கம்பெனிக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கிறோம். ‘ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றது’ என்ற வரி போதாது. பதிவு பெற்ற ஃபைனான்ஸ் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதியே கிடையாது. அனுமதி உள்ளவற்றின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் தனியாக இருக்கிறது. அனுமதி இருந்தாலும் வருடத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. 12 மாதத்துக்குக் குறைந்தும் 60 மாதத்துக்கு மேலும் வாங்கக் கூடாது. முகவர் 15 சதவீதம் என்றாலோ, ‘ஆறு மாதம் போதும், பரிசும் உண்டு’ என்றாலோ, மேற்கொண்டு படிக்க ஒன்றுமில்லை.

படிவத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த டெபாசிட்டுக்கு ஈடு எதுவும் இல்லை. கம்பெனியின் நிதி நிலைக்கு ரிசர்வ் வங்கி பொறுப்பல்ல என்றும் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு இதற்கு இல்லை. கம்பெனி விழுந்தால் ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகள் முன்னால் நிற்கும். நாம் பின்னால் நிற்போம்.

பிறகு ரேட்டிங். பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் கருத்தில் அது தவறு, ஏனென்றால் ரேட்டிங் தாமதமாக இறங்கும். திவான் ஹவுசிங் டெபாசிட்டுக்கு 2018-ல் மிக உயர்ந்த தரமான ஏஏஏ இருந்தது. அந்த வருடம் செப்டம்பர் 21 அன்று, ஒரு மியூச்சுவல் ஃபண்ட் அந்தக் கம்பெனியின் குறுகிய காலப் பத்திரங்களை, வாங்குபவருக்குச் சுமார் 11 சதவீத வருமானம் கிடைக்கும் அளவுக்கு விலையைக் குறைத்து விற்றது என்ற செய்தி வந்து, பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2019 ஜூனில் ரேட்டிங் ‘டி’ ஆனது, அதாவது தவணை தவறியாகிவிட்டது. சந்தை எட்டு மாதத்துக்கு மேல் முந்திக்கொண்டு சொல்லியிருந்தது.

அதனால், அதே கம்பெனியின் கடன் பத்திரம் பங்குச் சந்தையில் எத்தனை சதவீத வருமானம் தரும் விலைக்குக் கைமாறுகிறது என்று பார்க்கிறோம். டெபாசிட்டுக்கு 9 சதவீதம் கொடுத்துக்கொண்டு, ஏறக்குறைய அதே காலத்துக்கான பத்திரம் 12 சதவீதத்துக்குக் கிடைக்கிறது என்றால், விவரம் தெரிந்தவர்கள் 12-க்குக் குறைந்து கடன் தர மறுக்கிறார்கள் என்று அர்த்தம். அதே ஆபத்தை நாம் 9-க்குச் சுமக்கிறோம். பத்திரம் அடிக்கடி கைமாறாத கம்பெனிகளில் இந்த வழி உதவாது. அப்போது ரேட்டிங் நிறுவனம் வெளியிடும் விளக்க அறிக்கையில், அடுத்த ஒரு வருடத்தில் கட்ட வேண்டிய கடனுக்கும் கையில் வரவிருக்கும் பணத்துக்கும் உள்ள இடைவெளியைத் தேடுகிறோம். நல்ல கடன்களைக் கொடுத்த கம்பெனிகூட இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். பத்து, பதினைந்து வருட வீட்டுக்கடனுக்கு மூன்று மாதப் பத்திரப் பணத்தை ஓட்டும்போது, புதிதாகக் கடன் தருபவர்கள் ஒரு வாரம் நின்றால் போதும்.

ஆபத்து தெரிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். மரணம், அவசரச் செலவு போன்ற விலக்குகள் தவிர முதல் மூன்று மாதத்தில் பணம் வராது. ஆறு மாதத்துக்குள் எடுத்தால் வட்டி கிடையாது. அதற்குப் பிறகும் வட்டி குறைத்துத்தான் தருவார்கள். நெருக்கடி வந்த கம்பெனி முன்கூட்டியே எடுப்பதையே நிறுத்திவிடும். திவான் ஹவுசிங் 2019 மே மாதத்தில் அதைத்தான் செய்தது.

இத்தனையும் பார்த்த பிறகும் போடுவதாக இருந்தால், முழுத் தொகையும் போனாலும் குடும்பச் செலவு தடுமாறாத அளவு மட்டும், 12 முதல் 24 மாதத்துக்கு, வட்டியை அவ்வப்போது கையில் வாங்கும் முறையில் போடுகிறோம். கூட்டு வட்டி முறையில் கடைசி நாள் வரை வட்டியும் கம்பெனியிடமே சிக்கியிருக்கும். தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் குறி போடுவதில்லை. முதிர்வு நாளுக்கு ஒரு மாதம் முன்பே ரேட்டிங்கையும் பத்திரம் தரும் வருமானத்தையும் புதிதாகப் பார்க்கிறோம். புதுப்பிப்பதற்கு வழக்கத்தைவிட அரை சதவீதம் அதிகம் தருகிறோம் என்று கம்பெனியே தொலைபேசியில் அழைத்தால், அந்த முறை பணத்தை எடுத்துவிடுகிறோம்.