ஒன்பது கேன் இருப்பதாகச் சொன்ன அட்டை

பேரணாம்பட்டில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸுக்கு நான் பொறுப்பேற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரவு பதினொன்றரைக்கு டிரம் பகுதி மேஸ்திரி போன் செய்தார். "தம்பி, கறுப்புச் சாயம் போட்ட டிரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபார்மிக் ஆசிட் இரண்டே கேன்தான் இருக்கிறது. இன்னும் நான்கு வேண்டும்."

சாயம் தோலில் பிடித்து நிற்க, கடைசியில் ஆசிட் விட வேண்டும். சாயம் முழுக்க ஏறிவிட்டால் டிரம்மின் தண்ணீர் தெளிந்துவிடும். அன்று நான் போய்ப் பார்த்தபோது மேஸ்திரி குவளையில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் மை போல இருந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் நான்கு கேன் கைமாற்று வாங்கி அந்த இரவை ஒப்பேற்றினோம்.

ஆசிட் அறையில் தொங்கிய இருப்பு அட்டையில், அதாவது பின் கார்டில், என் கையெழுத்திலேயே "இருப்பு 9" என்று இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை அந்த ஏழு கேன்களைத் தேடினேன். ஐந்து கேன்களுக்கான சீட்டுகள் மேஸ்திரியின் சட்டைப்பையில் இருந்தன. இரவில் ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும், சாவி அவரிடம் இருக்கும், சீட்டுகளை வாரக் கடைசியில் மொத்தமாகத் தருவது வழக்கம். மீதி இரண்டும் காலிக் கேன்கள். மூடி போட்டு, நிறைந்த கேன்களுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தன. முந்தைய மாத இருப்புக் கணக்கெடுப்பில் நான்தான் எண்ணினேன். ஒன்றையும் தூக்கிப் பார்க்கவில்லை. முப்பத்தைந்து கிலோ கேனைக் கால்விரலால் இடித்தாலே நிறைந்ததா காலியா என்று தெரிந்துவிடும். நான் மூடிகளை எண்ணினேன்.

இவற்றைச் சரிசெய்வது எளிது. ஆசிட் அறைக் கதவில் ஒரு தகரப் பெட்டி மாட்டினோம். சீட்டு அதில் விழுந்த பிறகே கேன் வெளியே போகும். காலிக் கேன்களுக்கு வேறு இடம் ஒதுக்கினோம். நான் தினமும் காலை எட்டு மணிக்குச் சீட்டுகளைப் பின் கார்டில் பதிந்தேன். கணக்குப் பிரிவின் ஸ்டோர்ஸ் லெட்ஜரோடு வாரம் ஒருமுறை ஒப்பிட்டேன்.

அட்டை உண்மையைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அடுத்த கோளாறு கண்ணில் பட்டது. அதன் தலையில் "குறைந்தபட்சம் 12" என்று ஒரே ஒரு எண். எனக்கு முன்னால் இருந்தவர் இருப்பு பன்னிரண்டைத் தொட்டதும், சரக்கு வாங்கித் தரக் கேட்கும் இண்டென்ட் எழுதுவார். நானும் அப்படியே செய்தேன். எங்கள் சராசரிச் செலவு நாளுக்கு மூன்று கேன். பன்னிரண்டு கேன் நான்கு நாளுக்கு வரும். சரக்கு மூன்று நாளில் வந்துவிடும் என்று வியாபாரி சொல்வார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

பழைய பன்னிரண்டு ஆர்டர்களின் தாள்களை எடுத்துத் தேதிகளைக் குறித்தேன். வியாபாரி சொன்னது அவர் கைக்கு ஆர்டர் போன பிறகான மூன்று நாள். முதலாளி பாதி வாரம் சென்னையில் இருப்பதால் இண்டென்டில் கையெழுத்து விழ இரண்டு நாள் போகும். சரக்கு வந்தபின் ஆய்வுக்கூடம் வலிமையைச் சோதித்து அனுமதிக்க ஒரு நாள். அட்டையில் எண் இறங்கிய நாளிலிருந்து கேனை டிரம்முக்குக் கொடுக்க முடிகிற நாள்வரை எண்ணினால் சாதாரணமாக ஆறு நாள், மிக மோசமானபோது ஒன்பது, மிக விரைவாக வந்தபோது நான்கு. ஆக, பன்னிரண்டில் எழுதினால் சராசரியாக ஓடும்போதே இரண்டு நாள் துண்டு விழும். அதுவரை எப்படிச் சமாளித்தார்கள் என்றால், கைமாற்றுதான்.

காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் படித்த சூத்திரம் நினைவில் இருந்தது: மறு ஆர்டர் மட்டம் என்பது அதிகபட்சச் செலவை அதிகபட்ச வரவுக்காலத்தால் பெருக்குவது. கறுப்பு ஆர்டர் ஓடும் நாளில் ஐந்து கேன் செலவாகியிருக்கிறது. ஐந்தை ஒன்பதால் பெருக்க நாற்பத்தைந்து. முதலாளியிடம் கொண்டுபோனேன்.

"பன்னிரண்டு எங்கே, நாற்பத்தைந்து எங்கே? தோல் வாங்கவே பணம் இல்லை, நீ ஆசிட்டில் போட்டு முடக்கச் சொல்கிறாயா?" என்றார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நாளுக்கு ஐந்து கேன் என்பது ஒரு நாள் நடந்தது. தொடர்ந்து ஒன்பது நாள் நடந்ததே இல்லை. மறுபடியும் பின் கார்டுகளோடு உட்கார்ந்து, போன ஓர் ஆண்டில் அடுத்தடுத்த ஒன்பது நாள்களின் செலவை ஒவ்வொரு கொத்தாகக் கூட்டிப் பார்த்தேன். எதுவும் முப்பத்தாறைத் தாண்டவில்லை. அதையே மறு ஆர்டர் மட்டமாக வைத்தேன். நாளுக்கு மூன்று கேன் வீதம் ஆறு நாள் செலவான பதினெட்டை அதில் கழித்தால் மிஞ்சும் பதினெட்டுதான் குறைந்தபட்ச இருப்பு. சரக்கு வரும் நேரத்தில் சாதாரணமாகக் கையில் இருக்க வேண்டியது அது. எங்களுக்குக் காப்பிருப்பும் அதுவே. ஆண்டுக் கணக்கு என்பதால், இதுவரை வராத அளவில் ஒரு கறுப்பு ஆர்டர் வந்தால் இந்த எண் போதாது என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஆர்டர் அளவு முப்பது கேன். சரக்கு மிக விரைவாக வந்து செலவும் குறைவாக இருந்தால் எவ்வளவு சேரும் என்றும் பார்த்தேன். குறைந்தபட்சச் செலவு நாளுக்கு இரண்டு, நான்கு நாளில் எட்டு. முப்பத்தாறும் முப்பதும் கூட்டி எட்டைக் கழிக்க ஐம்பத்தெட்டு. எங்கள் ஆசிட் அறையில் அறுபது கேன்தான் நிற்கும். நாற்பத்தைந்து என்ற பழைய கணக்குப்படி அறுபத்தேழு ஆகி, ஏழு கேன் வெயிலில் நின்றிருக்கும். முதலாளி ஒப்புக்கொண்டது இந்த இடத்தில்தான்.

அட்டையில் இப்போது இரண்டு எண்கள்: முப்பத்தாறு இண்டென்ட் எழுத, பதினெட்டு வியாபாரிக்குப் போன் போட. கூடவே "ஆர்டரில் உள்ளது" என்று ஒரு பத்தி சேர்த்தேன். வேகமாக ஓடும் வாரத்தில் முதல் லோடு வருவதற்குள் முப்பது கேன் தீர்ந்து, அடுத்த ஆர்டர் போட வேண்டியிருக்கும். கையிருப்பை மட்டும் பார்த்தால் தினமும் மட்டத்துக்குக் கீழேதான் தெரியும். புதிதாக வருபவர் தினமும் இண்டென்ட் எழுதுவார், அல்லது "போட்டாயிற்றே" என்று எழுதாமலே விடுவார். கையிருப்போடு ஆர்டரில் உள்ளதைக் கூட்டி, அந்தத் தொகையை முப்பத்தாறோடு ஒப்பிட வேண்டும்.

சென்னையில் தோல் கண்காட்சி நடந்த வாரம் இது சோதனைக்கு வந்தது. முப்பத்தாறில் இண்டென்ட் எழுதினேன். முதலாளி கண்காட்சியில் இருந்ததால் கையெழுத்து தாமதம். ராணிப்பேட்டையிலிருந்து வந்த லாரி வேறு, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இறக்கிவிட்டுத்தான் எங்களிடம் வந்தது. ஆறாம் நாள் இருப்பு பதினெட்டுக்குக் கீழே போனது, போன் போட்டேன். ஒன்பதாம் நாள் ஆய்வுக்கூடம் கையெழுத்திட்டபோது அறையில் ஏழு கேன் இருந்தது.

முதலாளி அட்டையைப் பார்த்துவிட்டு, "குறைந்தபட்சம் பதினெட்டு என்றாயே, ஏழுக்கு எப்படிப் போகவிட்டாய்?" என்று கேட்டார். அந்தப் பதினெட்டு இப்படிப்பட்ட வாரத்தில் செலவாவதற்காக வைத்தது, பதினொன்று செலவாகியிருக்கிறது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தாமதத்துக்குக் காரணமான கையெழுத்து அவருடையது.

வந்த முப்பதையும் சேர்த்து முப்பத்தேழு. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தகரப் பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது. முப்பத்தாறு என்று எழுதிவிட்டு இண்டென்ட் புத்தகத்தை எடுத்தேன்.