இருபத்தைந்து டாலரும் ஓர் இனிஷியலும்

மண்டபத்தில் நண்டு எடை போடும் இடத்தில் எங்கள் ஆட்களின் கணக்கெல்லாம் துண்டுச் சீட்டில்தான் கிடக்கும். அதற்காக ஒரு சின்ன ஆப் எழுதினேன். எழுதி முடிக்க மூன்று வாரம். கூகுள் பிளேயில் டெவலப்பர் கணக்கு திறந்து, அடையாளச் சரிபார்ப்பைத் தாண்ட அதைவிட அதிக நாள் பிடித்தது. அலைந்த அலைச்சல் இன்னும் ஆறவில்லை.

கணக்குத் திறக்க ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்ட வேண்டும். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர், அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. என்னிடம் இருந்தது ரூபே டெபிட் கார்டு. பதிவுக் கட்டணத்துக்கு அது செல்லாது. விசா, மாஸ்டர்கார்டு போன்றவை வேண்டும், ப்ரீபெய்டு கார்டும் கூடாது. துபாயில் இருக்கும் மச்சான், "என் கார்டு நம்பரைப் போட்டுக்க மாப்ள" என்றார். நல்லவேளை, போடவில்லை. கார்டும் அடையாள அட்டையும் கணக்குத் திறப்பவரின் சட்டப்படியான பெயரில் இருக்க வேண்டும். கொடுக்கும் அட்டை செல்லாது என்று ஆனால் கட்டிய பணமும் திரும்ப வராது.

விசா கார்டு கேட்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தை வாங்கவே யோசித்தார். "வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவா? வேண்டாம் தம்பி, போனா வராது" என்றார். அரை மணி நேரம் பேசித்தான் கையெழுத்து வாங்க முடிந்தது. ஆனால் புதுக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வரும் என்பதை அவர் சொல்லவில்லை. கார்டு வந்ததும் கட்டிப் பார்த்தேன், இரண்டு தடவை மறுத்துவிட்டது. பேங்க் ஆப்பில் கார்டு செட்டிங்கைத் திறந்து, 'இன்டர்நேஷனல்' என்பதையும் 'ஆன்லைன்' என்பதையும் தனித்தனியாக ஆன் செய்த பிறகு ஒரே நொடியில் போய்விட்டது. கட்டி முடித்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

பெரிய அடி பெயரில்தான். என் ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால், அதில் அப்பாவின் முழுப்பெயர் முன்னால், என் பெயர் பின்னால். கூகுள் கணக்கின் பேமென்ட்ஸ் ப்ரொஃபைலில் பழக்கத்தில் ஆதாரில் உள்ளபடி பெயரைத் தட்டிவிட்டு, சரிபார்ப்புக்கு பான் கார்டைப் படம் எடுத்து ஏற்றினேன். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. நம்மூரில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாருக்கும் தெரியும். திரையில் இருப்பது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வேலை. அதனால் எந்த அட்டையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் உள்ள வரிசையிலேயே பெயரைத் தட்டுங்கள்.

பெயரைத் திருத்தினேன். அடுத்தது முகவரிச் சான்று, ஏனென்றால் பான் கார்டில் முகவரி கிடையாது. வீட்டுக் கரண்ட் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, ஆகவே அந்த பில் உதவாது. பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தால், அதில் நாங்கள் முன்பு குடியிருந்த தெரு. மறுபடியும் ராமநாதபுரம், மறுபடியும் அதே கவுண்டர். முகவரி மாறி, புது ஸ்டேட்மென்ட் கைக்கு வந்து, அதில் உள்ளபடியே கதவு எண், தெரு, பின்கோடு எல்லாவற்றையும் ப்ரொஃபைலிலும் திருத்தி ஏற்றிய பிறகுதான் சரிபார்ப்பு முடிந்ததாக மெயில் வந்தது. அன்றைக்கு அம்மாவிடம்தான் முதலில் காட்டினேன். போன் நம்பர், போனிலேயே செய்யும் சாதனச் சரிபார்ப்பு இரண்டும் பத்து நிமிட வேலை.

இதோடு முடியாது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை எல்லோருக்கும் வெளியிடும் முன், நாம் சேர்க்கும் ஆட்கள் மட்டும் போட்டுப் பார்க்கும் க்ளோஸ்டு டெஸ்ட்டில் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் இருக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு ஆட்கள் கரையில் இருந்தார்கள், பதினைந்து பேரைச் சேர்த்தேன். சேர்த்தும் எண்ணிக்கை ஒன்பதிலேயே நின்றது. போய்ப் பார்த்தால், பலரின் போனில் கடைக்காரர் திறந்து கொடுத்த இன்னொரு ஜிமெயில். என்னிடம் சொன்னது ஒன்று, பிளே ஸ்டோரில் இருந்தது வேறு. ஒவ்வொருவர் போனையும் வாங்கி, பிளே ஸ்டோரின் மேல் மூலையில் தெரியும் முகவரியைப் பார்த்துப் பட்டியலில் சேர்த்து, அதே கணக்கிலிருந்து டெஸ்ட்டில் சேரும் இணைப்பை அழுத்தச் செய்தேன். எண்ணிக்கை பதினான்கு ஆனது. இரண்டு பேர் நடுவில் விலகினாலும் தாங்கும்.

பதினைந்தாம் நாள் காலை, வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும் பொத்தான் நீல நிறத்துக்கு மாறியிருந்தது.