ரோல்ஸ் முட்டையில் பச்சை வளையம்: ஐஸ் வேண்டாம், கிணறு போதும்

கடைசியாக வெட்டிய தட்டு முழுக்க நல்ல மஞ்சள். கருவைச் சுற்றி வரும் அந்தச் சாம்பல் பச்சைக் கோடு ஒரு துண்டில்கூட இல்லை, அதுவும் ஐஸ் கட்டி ஒன்றுமே போடாமல். ரோல்ஸுக்கு முட்டை அவிக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பெருமை விளங்கும். குழம்பு முட்டையில் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ரோல்ஸைக் கடித்தால் வளையம்தான் முதலில் கண்ணில் படும். "பழைய முட்டை போட்டிருக்கிறாய் தம்பி" என்று பக்கத்து வீட்டு மாமி ஒருமுறை சொல்லியும் விட்டார்.

மாமி சொன்னது பாதி சரி. வெள்ளைக்கருவின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. அதிக நேரம் சூடுபட்டால் அது ஐதரசன் சல்பைட்டு வாயுவாகக் கழன்று உள்நோக்கிப் போகும். மஞ்சள் கருவில் இரும்பு உண்டு. இரண்டும் சந்திக்கிற எல்லையில் இரும்பு சல்பைட்டு படிகிறது, அதுதான் வளையம். கெட்டுப்போன அடையாளம் இல்லை, சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் முட்டை நாள்பட நாள்பட கோதின் வழியே கரியமில வாயு வெளியேறி வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. காரம் கூடினால் கந்தகம் இன்னும் இலகுவாகக் கழலும். ஆகவே ஒரே நேரம் அவித்தாலும் பழைய முட்டையில் வளையம் முந்தி வரும். தொல்லை என்னவென்றால், கோது நன்றாக உரிவதும் அந்தப் பழைய முட்டையில்தான். தண்ணீரில் போட்டால் அடியில் படுக்காமல் கூரிய பக்கத்தில் நிற்கிற முட்டையை நான் ரோல்ஸுக்கு எடுக்கிறேன். மிதந்தால் எறிந்துவிடுவேன்.

நேரம் முதலில். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் கணக்கு அடுப்பைப் பொறுத்து மாறும், விறகு அடுப்பில் சொல்லவே வேண்டாம். அதனால் கொதிக்கிற தண்ணீரில் அகப்பையால் மெதுவாக இறக்கி, அந்த நொடியிலிருந்தே மணி பார்க்கிறேன். 60 கிராம் கடை முட்டை பத்துக்கு 3 லீற்றர் தண்ணீர், 11 நிமிடம். தண்ணீர் குறைந்தால் முட்டை விழுந்தவுடன் கொதி அடங்கி, திரும்பக் கொதிக்க நேரம் பிடிக்கும், அப்புறம் 11 நிமிடம் என்பதற்குப் பொருளே இல்லை. 42 கிராம் அளவு ஊர்க்கோழி முட்டைக்கு 9 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் ஊர் முட்டைக்குத்தான் முதலில் வளையம் வரும்.

என்னை அலைக்கழித்தது ஆறவைக்கிற கட்டம். அடுப்பை அணைத்தாலும் சுடுதண்ணீருக்குள் முட்டை வெந்துகொண்டே இருக்கும். வெளியே எடுத்து வைத்தாலும் வெள்ளைக்கருவில் இருக்கிற சூடு உள்ளே இறங்கும். உடனே குளிரவைத்தால் இரண்டு நன்மை: புதிதாக வாயு உண்டாவது நிற்கும், உண்டான வாயுவும் குளிர்ந்த கோதுப் பக்கம் இழுபடும். எல்லோரும் ஐஸ் தண்ணீர் என்கிறார்கள். கிளிநொச்சிப் பக்கம் மத்தியானம் கூரைத் தாங்கித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வரும். அதில் போட்டுவிட்டு ஆறும் என்று இருந்தால் வளையம் நிச்சயம்.

பிறகு வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் 28 பாகை செல்சியஸ். பத்து முட்டையை 1 லீற்றரில் போட்டால் தண்ணீர் 48 பாகை வரை ஏறும், 3 லீற்றரில் 37 பாகைக்குப் பக்கத்தில் நிற்கும். ஐஸ் இருக்கிறதா என்பதைவிடத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். இப்போது அள்ளி வந்த வாளிகளை முட்டை வேகும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். 11 நிமிடம் முடிந்ததும் சுடுதண்ணீரை வடித்துவிட்டு முதல் வாளி, கையால் ஒரு கிளறு, 2 நிமிடம். அந்தத் தண்ணீர் இளஞ்சூடானதும் அதைக் கொட்டிவிட்டு இரண்டாவது வாளியில் 10 நிமிடம். எடுத்துக் கையில் பொத்திப் பிடித்தால் சூடு திரும்பி வரக்கூடாது. வந்தால் நடுவில் இன்னும் சூடு இருக்கிறது, மூன்றாவது வாளி.

ஒன்று: 20 நிமிடம் அவித்துவிட்டு எவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் பயன் இல்லை, படிந்த வளையம் போகாது. அதேபோல் அழகாக அவித்த முட்டையைக் குழம்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் திரும்ப வரும். இறக்குவதற்குச் சற்று முன் போடுங்கள். ரோல்ஸ் எண்ணெயில் நிற்கிற நேரம் கொஞ்சம்தான், அது ஒன்றும் செய்யவில்லை.

முட்டைக்காரர் மட்டைக்கு மட்டை வேறு வேறு அளவு கலந்து தருகிறார், அதனால் தராசு வாங்க வேண்டி வந்தது. அடுத்தது இடியப்பச் சட்டியில் ஆவியில் அவித்துப் பார்க்கப் போகிறேன். ஆவியில் முட்டைகள் ஒன்றோடொன்று முட்டி வெடிக்காது, எண்ணிக்கை கூடினாலும் கொதி அவ்வளவாக அடங்காது. நேரத்தை மட்டும் புதிதாகப் பிடிக்க வேண்டும்.