பின் ஸ்பீக்கரில் காதை வைத்தபோதுதான் தெரிந்தது

ராயபுரத்தில் எங்கள் வீடு பழைய மெட்ராஸ் டெரஸ், ஹாலில் அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அதனால் சத்தத்தை மேலே அனுப்பி கூரையில் பட்டுத் திரும்ப வைக்கிற சவுண்ட்பார் வேண்டாம் என்று விட்டேன். அதற்குச் சமமான கூரை வேண்டும். வாங்கியது சாதாரண 5.1: பாருக்குள் இடது, நடு, வலது, தனியாக இரண்டு பின் ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். வயர்லெஸ் என்றுதான் பெயர், பின் ஸ்பீக்கருக்கும் பிளக் பாயின்ட் தேட வேண்டியிருந்தது.

டிவியில் ARC என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் மாட்டி, தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருகிற மாதிரி கலக்கிய, அட்மாஸ் என்று போட்டிருந்த படம் ஒன்றை ஓடவிட்டேன். பின்னாலிருந்தும் சத்தம் வந்தது, ஒரு வாரம் அதிலேயே குளிர்ந்து போயிருந்தேன். அப்புறம் அண்ணன் வந்து பின் ஸ்பீக்கரில் காதை வைத்துவிட்டு, "இன்னாடா, இங்கயும் அதே ஆளுதான் பேசுறான்" என்றார்.

சரியான 5.1-இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். பாரின் டிஸ்ப்ளேயைப் பார்த்தால் `PCM`. டிவியே ஒலியைப் பிரித்து, இரண்டு சேனலாகச் சுருக்கி அனுப்பியிருக்கிறது. பாரின் சரவுண்ட் மோடு அந்த இரண்டையே பின்னாலும் நகல் எடுத்து ஒலித்திருக்கிறது. டிவி செட்டிங்கில் `Digital Audio Output` என்பதை `PCM`-இலிருந்து `Auto`-வுக்கு மாற்றி, பாரின் சரவுண்ட் மோடையும் அணைத்தேன். டிஸ்ப்ளேயில் `Dolby Audio` வந்தது. அதே காட்சியில் இப்போது பின்னால் மழை மட்டும், பேச்சு இல்லை.

என் பாருக்கு அட்மாஸ் தெரியாதே, பிறகு எப்படி ஓடுகிறது என்றால், ஓடிடி அனுப்புவது முழுசான ஒரு 5.1 ஒலியும், கூடவே எந்தச் சத்தம் அறையில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் என்ற குறிப்பும். அட்மாஸ் தெரிந்த கருவி அந்தக் குறிப்பை வைத்து ஒவ்வொரு சத்தத்தையும் தனியே பிரித்து, தன்னிடம் இருக்கிற ஸ்பீக்கர்களுக்குக் கணக்குப் போட்டுப் பங்கிடும். என்னுடையது குறிப்பைக் கண்டுகொள்ளாமல் 5.1-ஐ மட்டும் வாசிக்கும். தலைக்கு மேல் போகும் ஹெலிகாப்டர் காணாமல் போவதில்லை, அந்த ஐந்துக்குள் முன்பே கலந்திருக்கிறது. உயரம்தான் போச்சு.

மிச்சம் இருந்தது இடம். சோபா சுவரோடு ஒட்டியிருந்ததால் பின் ஸ்பீக்கர்கள் காதுக்குப் பக்கத்திலேயே கத்தின. சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுத்து, ஸ்பீக்கர்களை நேர் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் சற்றுப் பின் தள்ளி, டிவி திசையிலிருந்து சுமார் 110 டிகிரியில் வைத்தேன். வாசல் இருப்பதால் இடது பக்கம் மூன்று அடி, வலது பக்கம் ஐந்து அடி. இடதின் லெவலைக் கொஞ்சம் குறைத்ததும் மழை இரண்டு பக்கமும் சமமாகப் பெய்தது.

மறுநாள் காலை அம்மா செய்தி போட்டார். அது இரண்டு சேனல்தான், பின்னால் மூச்சே இல்லை. "புதுசுதானேடா, அதுக்குள்ள ரிப்பேரா?"