நாலாம் நம்பர்

அந்த மின்னஞ்சலில் நாலாம் நம்பரை வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால் பதப்படுத்தும் ஒரு ஆலையில் பிரெஞ்சுக் கடிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பிரான்சில் வாங்குகிற நிறுவனத்தின் அம்மையார் ஒரே பத்தியில் ஐந்து விஷயங்களைக் கேட்டிருந்தார்: அம்மோனியா அளவு, நிலைப்புச் சோதனை ஏற்றுமதிக்கு முன்பா பிறகா, டிரம்மா பெரிய பையா, பால் வந்த நிலங்களின் இருப்பிடக் குறிப்பு, கப்பல் தேதி.

அவர் பத்திக்குள்ளேயே நீல எழுத்தில் பதிலைச் செருகுவதுதான் சுலபம். பிரெஞ்சுக்காரர்களும் அப்படிச் செய்வார்கள். "பதில்கள் உங்கள் வரிகளுக்குள் நீலத்தில்" என்று மேலே ஒரு வரி போட்டால் போதும். ஆனால் அந்த அம்மையார் எங்கள் பதிலைத் தன் ஆய்வுக்கூடத்துக்கும் போக்குவரத்துப் பிரிவுக்கும் அனுப்புவார். வழியில் யாராவது வெறும் எழுத்தாகத் திறந்தால் நிறம் போய்விடும். எது அவர் கேள்வி, எது என் பதில் என்று தெரியாது. அதனால் எண் போட்டேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கேள்வியின் தலைப்பைச் சுருக்கமாக எழுதி, அப்புறம் பதில். `0,70 %` என்று அவர்கள் வழக்கப்படி புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. வரிசையும் அவர் கேட்ட அதே வரிசை.

நாலாவதில்தான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுக் காடழிப்புத் தடுப்புச் சட்டத்தில் ரப்பரும் உண்டு. எந்த நிலத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். நிலம் 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லைக்கோடு முழுவதும், அதற்குள் என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளி போதும். எங்கள் தோட்டத்துக்கு அந்தக் கோப்பு தயார். டீலர் வழியாக வரும் சிறு தோட்டக்காரர்களின் பாலுக்கு இல்லை. ஆக நாலாவது ஒரு கேள்வி இல்லை, இரண்டு:

```
4a. Parcelles du domaine : fichier joint.
4b. Petits planteurs : vérification en cours.
    Réponse vendredi.
```

தோட்டத்துக் கோப்பு இணைப்பில் இருக்கிறது, சிறு தோட்டக்காரர்கள் விவரம் சரிபார்ப்பில், பதில் வெள்ளிக்கிழமை.

எங்கள் தலைமை எழுத்தர் பெரிய கிராணி ஐயா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "4b-ஐ எடுத்துடும்மா. தோட்டத்துக் கோப்பைப் போட்டாச்சு, போதும். அவங்களா கேட்டா பாத்துக்கலாம்."

"ஐயா, அவங்கதான் கேட்டுட்டாங்களே."

"பத்தியா எழுதினா யாருக்கும் தெரியாது. நீ நம்பர் போட்டு மாட்டிவிடுற."

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. பத்தி நடையில் "நிலக் குறிப்பைப் பொறுத்தவரை, கோப்பு இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தால் பாதிக் கேள்வி சத்தமில்லாமல் கரைந்துபோயிருக்கும். எண்ணில் அது முடியாது. இதை நான் தெரிந்தேதான் எண் போட்டேனா, நீல எழுத்துச் சிக்கலுக்காகவா என்று இப்போது கேட்டால் எனக்கே திட்டமாகத் தெரியவில்லை. நான் எடுக்கவில்லை, அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. 1, 2, 3, 4a, 5 சரி, 4b-க்குக் காத்திருக்கிறோம். அவ்வளவுதான். பத்தியாகப் பதில் போட்ட நாட்களில் "மூன்றாவது கேள்விக்கு என்ன சொன்னீர்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டு வரும். இந்த முறை இல்லை. வெள்ளிக்கிழமை டீலரிடமிருந்து சிலருடைய புள்ளிகள் கிடைத்தன, மற்றவர்களுடையது கிடைக்கவில்லை. அதையும் 4b என்ற அதே பெயரிலேயே எழுதினேன். புதிதாக 1 என்று தொடங்கினால் எந்தக் கேள்விக்கான பதில் என்று அவர்கள் தேட வேண்டியிருக்கும்.

அடுத்த ஆர்டரில் தோட்டத்துப் பால் மட்டும் போதும் என்றார்கள். காரணம் எழுதவில்லை. சட்டம் எப்படியும் அதைத்தான் கேட்கும், என் வரி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் காலையில் மோட்டார் சைக்கிளில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு டீலர் கொட்டகைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது, ஐயா சொன்னபடி எழுதியிருந்தால் இன்னும் ஒரு ஏற்றுமதியாவது அவர்கள் பாலும் சேர்ந்து போயிருக்குமே என்று தோன்றும். அது அவர்களுக்கு நல்லதா, கோப்பு இல்லாத பாலை அங்கே துறைமுகத்தில் சிக்க வைப்பதா? இரண்டு பக்கமும் பேச என்னால் முடிகிறது.

ஐயா இதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. போன வாரம் அந்த அம்மையார் இரண்டே கேள்வி கேட்டார், வேறு யாருக்கும் நகல் இல்லை. வரிகளுக்குள்ளேயே பதில் எழுதினேன். நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்பர் வேணாமா?" என்றார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று முகத்தில் தெரியவில்லை.