உப்புவெளி மறைப்பும் 6 மி.மீ. பாலமும்

உப்புவெளியில் மச்சான் நடத்தும் விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு மறைப்பு வேண்டும் என்றான். வற்றிய குளத்து மண் வெடித்த மாதிரி ஓட்டைகள் வேண்டுமாம். அது வொரொனோய் வடிவம்தான். பலகையில் புள்ளிகளைத் தூவி, எந்த இடத்துக்கு எந்தப் புள்ளி கிட்டவோ அந்தப் புள்ளிக்கே அந்த இடம் என்று பிரித்தால் அப்படி அறைகள் வரும். எனக்குக் கொஞ்சம் பைத்தன் தெரியும் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

பலகை 900 × 600 மி.மீ., 6 மி.மீ. தடிப்பு எம்.டி.எப். அறைகள் வெட்டி எடுக்கப்படும். இரண்டு ஓட்டைக்கு நடுவில் மிஞ்சும் மரம்தான் பாலம். பலகையின் தடிப்பைவிட மெல்லிய பாலம் வைக்காதே என்றார் டவுனில் லேசர் வெட்டும் அண்ணா. ஆக 6 மி.மீ.

முதல் தடவை நான் செய்தது சோம்பேறி வழி. ஒவ்வொரு அறையையும் அதன் நடுவைப் பார்த்து 90 வீதமாகச் சுருக்கினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. நல்லவேளை, முழுப் பலகையில் கை வைக்காமல் ஒரு துண்டில் வெட்டிப் பார்த்தோம். எடுக்கும்போதே இரண்டு இடத்தில் முறிந்தது. கணக்குப் பார்த்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. 90 மி.மீ. அகலமான அறையில் ஒவ்வொரு பக்கமும் 4.5 மி.மீ. உள்ளே போகும், அப்படி இரண்டு அறை பக்கத்தில் இருந்தால் பாலம் 9 மி.மீ. 24 மி.மீ. அறை இரண்டு ஒட்டியிருந்தாலோ வெறும் 2.4 மி.மீ. சின்ன அறைகள் கூட்டமாக நிற்கும் இடத்தில்தான் பலகை ஏற்கெனவே பலவீனம். அங்கேயே பாலத்தையும் மெலிய வைத்திருக்கிறேன்!

செய்ய வேண்டியது சுருக்குவதில்லை. அறையின் ஒவ்வொரு விளிம்பையும் ஒரே அளவு உள்ளே தள்ள வேண்டும். இரு பக்கமும் 3 மி.மீ. தள்ளினால், அறை பெரிதோ சிறிதோ, நடுவில் 6 மி.மீ. கட்டாயம் இருக்கும். லேசர் கோட்டின் நடுவால் போய் இரு பக்கமும் கொஞ்சம் எரித்துவிடும். அந்த அண்ணாவின் மெஷினில் எரியும் கீறல் 0.2 மி.மீ. என்று வெட்டிய துண்டை அளந்து கண்டோம். பாலத்தின் இரு கரையிலும் 0.1 மி.மீ. போவதால் வரையும்போது 6.2 வைத்தேன்.

கூர் மூலையில்தான் வெடிப்பு தொடங்கும். அதை உருட்டவும் அதே வித்தைதான்: கூடுதலாக 3 மி.மீ. உள்ளே தள்ளி, பிறகு அதே அளவு வெளியே கொண்டுவருவது. மூலை வட்டமாகும், பாலம் மெலியாது. வேறு வளைகோடு போட்டு மென்மையாக்கினால் அது சில இடங்களில் விளிம்பைத் தாண்டிப் புடைத்துப் பாலத்தைத் தின்னும். வடிவங்களைக் கையாளும் பைத்தன் நூலகமான ஷேப்லியில் இது ஒரு வரி:

```python
w, kerf, r = 6.0, 0.2, 3.0
h = (w + kerf) / 2
hole = cell.buffer(-(h + r)).buffer(r)
```

ஓட விட்டால் 120 புள்ளிக்கு 118 ஓட்டைதான் வந்தது. இரண்டு அறை அவ்வளவு ஒடுக்கம், உள்ளே தள்ளியதும் ஒன்றுமில்லாமல் போய்விட்டன. அந்த இடங்கள் மொட்டை மரமாகக் கிடந்தன. அதனால் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அறையின் மையத்துக்கு நகர்த்தி, வொரொனோயைத் திரும்பக் கணக்கிட்டேன். இரண்டு முறை போதும். பத்து முறை செய்து பார்த்தேன். தேன்கூடு மாதிரி ஆகி, குளத்து வெடிப்பு எங்கேயோ போய்விட்டது.

ஓரம்தான் கடைசித் தலையிடி. கரைப் புள்ளிகளின் அறைகள் முடிவில்லாமல் வெளியே நீளும். எல்லாப் புள்ளிகளையும் நான்கு பக்கமும் கண்ணாடியில் போலப் பிரதிபலித்துவிட்டுக் கணக்கிட்டால், அறைகள் எல்லைக்கோட்டில் நேராக முடியும். நடுவிலுள்ள 120ஐ மட்டும் எடுத்தால் சரி. சட்டம் 20 மி.மீ. வேண்டியிருந்தது. ஓட்டை எப்படியும் 3 உள்ளே போகும் என்பதால் எல்லைக்கோட்டைப் பலகை விளிம்பிலிருந்து 17 மி.மீ. உள்ளே வைத்தேன்.

வெட்டி முடிந்ததும் கலிப்பரால் பத்துப் பாலம் அளந்தேன், எல்லாம் 6க்குக் கிட்டத்தான். அண்ணா நடுவில் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்ப சரி தம்பி" என்றார்.

கடற்காற்றில் எம்.டி.எப். ஊதும் என்பதால் 120 ஓட்டையின் கருகிய விளிம்புக்கும் தூரிகையால் சீலர் பூச வேண்டியிருந்தது. வெட்ட எடுத்த நேரத்தைவிட அதுதான் அதிகம். இரண்டு பின்னேரம் போனது. மச்சான் இப்போது மேசைக்கும் ஒன்று கேட்கிறான். அதற்கு 60 புள்ளிதான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன்.